வெளிறிய முகத்துக்குப் பின்னால் மூன்று சத்துகள்: இரத்தசோகையை அறிகுறியிலிருந்து பிரித்தறியும் வழிமுறை

உணவியல் படிப்பில் நாம் எல்லோரும் ஒரே மாதிரி அட்டவணையைத்தான் மனப்பாடம் செய்கிறோம். முதல் கட்டத்தில் சத்தின் பெயர், அடுத்து அதன் வேலை, அடுத்து குறைபாட்டு நோய், கடைசியில் உணவுகள். தேர்வுக்கு அது போதும். ஆனால் எதிரே வந்து உட்காருகிறவர் "எனக்கு இரும்புச்சத்து குறைவு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "மாடி ஏறினா மூச்சு வாங்குது", "கால் மதமதன்னு இருக்கு" என்றுதான் சொல்கிறார். அட்டவணையை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்கத் தெரிந்தால்தான் அது அங்கே உதவும்.

அப்படிப் படிக்கும்போது மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இரத்தசோகை. இரும்பு, ஃபோலேட், வைட்டமின் பி12 என்று மூன்று சத்துகளில் எது குறைந்தாலும் முகம் வெளிறும், சோர்வு வரும், ஹீமோகுளோபின் இறங்கும். மூன்றுக்கும் ஒரே பதிலாக "கீரை சாப்பிடுங்க, பேரீச்சம்பழம் சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பினால் ஒருவருக்கு ஒன்றும் ஆகாது. இன்னொருவருக்கு நரம்பு கெட்டுக்கொண்டே போகும். அதனால் இந்தக் குறிப்பில் இந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

## முதலில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

| | இரும்பு | ஃபோலேட் | வைட்டமின் பி12 |
|---|---|---|---|
| முக்கிய வேலை | ஹீமோகுளோபினின் நடுவில் நின்று ஆக்சிஜனைப் பிடிப்பது. தசையின் மயோகுளோபின், செல்லுக்குள் ஆற்றல் எடுக்கும் நொதிகள் | டி.என்.ஏ. உருவாக்கம், வேகமாகப் பிரியும் செல்களுக்கு இன்றியமையாதது | ஃபோலேட்டைத் திரும்பப் பயன்படுத்த வைப்பது, நரம்பின் மேலுறையைக் காப்பது |
| குறைந்தால் சிவப்பணு | சிறியது, நிறம் வெளிறியது | பெரியது, முதிராதது | பெரியது, முதிராதது |
| நரம்புக் கோளாறு | பொதுவாக இல்லை | பொதுவாக இல்லை | உண்டு |
| உடலில் இருப்பு | மாதவிடாய் வரும் பெண்களிடம் மிகக் குறைவு | சுமார் 3 முதல் 4 மாதம் | பல ஆண்டுகள் |
| உணவு | ஈரல், இறைச்சி, கொள்ளு, கம்பு, பயறுகள், கீரைகள் | கீரைகள், கொண்டைக்கடலை, பாசிப்பயறு, நிலக்கடலை, ஈரல் | இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர் மட்டும் |

இந்த அட்டவணையில் நான் அதிகம் நம்புவது "இருப்பு" வரிசையை. ஃபோலேட் நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். பி12 தீர ஆண்டுகள் ஆகும். அதனால் ஃபோலேட் குறைவுக்கான காரணத்தைச் சமீபத்திய வாழ்க்கையில் தேட வேண்டும்: கர்ப்பம், குடி, பல வாரம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்த காய்ச்சல். பி12 குறைவுக்கான காரணம் 5 வருடம் முன்பே தொடங்கியிருக்கும். ஆகவே "இப்ப என்ன சாப்பிடுறீங்க" என்ற கேள்வி அங்கே போதாது.

## தொடங்கும் முன் இரண்டு எண்கள்

வெளிறலைக் கண்ணின் கீழ் இமையிலும் உள்ளங்கையிலும் பார்க்கலாம். ஆனால் லேசான இரத்தசோகை கண்ணுக்குத் தப்பிவிடும். முதல் எண் ஹீமோகுளோபின். டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 13 கிராம், பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11 என்பதற்குக் கீழே போனால் இரத்தசோகை.

இரண்டாவது எண்ணைத்தான் பலரும் பார்க்காமல் விடுகிறார்கள். அதே ரத்தப் பரிசோதனைத் தாளில் சில வரிகள் கீழே எம்.சி.வி. என்று இருக்கும். ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன் அது. 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இயல்பு. 80க்குக் கீழே என்றால் சின்ன அணு, 100க்கு மேலே என்றால் பெரிய அணு. தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை, முழு ரத்த அணுப் பரிசோதனையிலேயே வந்துவிடுகிறது. இனி வரும் அறிகுறிகள் எல்லாமே இந்த எண்ணில்தான் கிளை பிரிகின்றன.

## அறிகுறி 1: வெளிறல், மூச்சு வாங்கல், பச்சரிசி தின்னும் ஆசை

எம்.சி.வி. 80க்குக் கீழே இருந்தால் முதல் சந்தேகம் இரும்பு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "பச்சரிசி, சாம்பல், மண், சாக்பீஸ், ஐஸ்கட்டி, இதில் எதையாவது அடிக்கடி வாயில் போடணும்னு தோணுதா?" வெட்கப்பட்டு மறைப்பார்கள், சிரிக்காமல், சாதாரணமாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். "பச்சரிசி தின்னா சோகை வரும்" என்று வீட்டில் பெரியவர்கள் திட்டுவது நம்மில் பலர் கேட்டதுதான். அவர்கள் கவனித்தது சரி, காரணத்தை மட்டும் முன்பின்னாக மாற்றிச் சொன்னார்கள். பெரும்பாலும் இரும்பு குறைவதால்தான் அந்த ஆசை வருகிறது, இரும்பு ஏறியதும் போய்விடுகிறது. நகம் கரண்டி போலக் குழிவது, கடைவாயில் வெடிப்பு, முடி கொட்டுவது ஆகியவையும் சேர்ந்து வரலாம். ஆனால் இவை இல்லை என்பதால் இரும்புக் குறைவு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

### இங்கே தவறு நடக்கும் இரண்டு இடங்கள்

ஒன்று, தலசீமியா மரபணுவை ஒரு பக்கம் மட்டும் சுமப்பவர்கள். இவர்களுக்கும் அணு சிறியதாகவே இருக்கும். இரும்பு மாத்திரையை எத்தனை மாதம் கொடுத்தாலும் எம்.சி.வி. ஏறாது, ஏனென்றால் அவர்களிடம் குறைவது இரும்பு இல்லை. தாளிலேயே ஒரு துப்பு கிடைக்கும். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியனில்) வகுத்துப் பாருங்கள். இதற்கு மென்ட்சர் குறியீடு என்று பெயர். 13க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவு, 13க்குக் கீழே வந்தால் தலசீமியாச் சுமை என்ற பக்கம் சாய்கிறது. சந்தேகத்தைக் கிளப்பத்தான் இது உதவும், தீர்ப்பு சொல்ல உதவாது. உறுதிசெய்யும் பரிசோதனையை மருத்துவர் எழுதுவார். திருமணம் நிச்சயமாகும் வயதில் இருப்பவர்களுக்கு இது முக்கியம், அதனால் 13க்குக் கீழே வந்தால் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள்.

இரண்டு, ஃபெரிட்டின். உடலில் சேமித்து வைத்த இரும்பின் அளவு இதில் தெரியும். பெரியவர்களில் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் சேமிப்பு காலி. ஆனால் காய்ச்சல், தொற்று, மூட்டுவாதம் என்று உடலில் அழற்சி இருக்கும்போது இரும்பு இல்லாமலேயே ஃபெரிட்டின் உயர்ந்து நிற்கும். அப்படிப்பட்டவர்களுக்கு 70க்குக் கீழே இருந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. "ஃபெரிட்டின் 40, நார்மல்" என்று எழுதிவிடுவதற்கு முன் "போன வாரம் காய்ச்சல் இருந்துச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

### ஒரு கணக்கைக் கடைசி வரை போட்டுப் பார்ப்போம்

பயிற்சிக்காக ஒருவரை எடுத்துக்கொள்வோம். 27 வயதுப் பெண், தையல் வேலை, எடை 48 கிலோ. ஹீமோகுளோபின் 8.9, எம்.சி.வி. 70, சிவப்பணு 4.1 மில்லியன், ஃபெரிட்டின் 6. 70ஐ 4.1 ஆல் வகுத்தால் 17. இரும்புக் குறைவு என்பதில் குழப்பம் இல்லை.

அடுத்து முந்தைய நாள் சாப்பாட்டைக் கேட்கிறோம். காலையில் நான்கு இட்லி, சட்னி, கூடவே டீ. மதியம் சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு. நாலு மணிக்கு டீ, பிஸ்கட். இரவு தோசை, முடித்ததும் மறுபடி டீ. இதை இரும்பாக மாற்றுவோம். கணக்குக்கு 2017இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையின் மதிப்புகளை எடுத்துக்கொள்கிறேன். பழைய பாடநூல்களில் கீரைகளுக்குப் போட்டிருக்கும் சில எண்கள் இதைவிட மிகவும் அதிகம், அதை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லோருக்கும் இரும்பு போதுமானதாகத் தெரியும்.

| உணவு | அளவு | இரும்பு (மி.கி.) |
|---|---|---|
| அரிசி, எல்லா வடிவிலும் | 300 கிராம் | 2.0 |
| உளுத்தம்பருப்பு | 30 கிராம் | 1.4 |
| துவரம்பருப்பு | 30 கிராம் | 1.2 |
| காய், தேங்காய், புளி, மிளகாய், பிஸ்கட் முதலியவை | உத்தேசமாக | 2.5 |
| மொத்தம் | | 7.1 |

இந்தியப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரை 29 மில்லிகிராம். இவ்வளவு பெரிய எண் ஏன் என்று மாணவர்கள் கேட்பது நியாயம். நம் தானிய உணவிலிருந்து உடல் எடுத்துக்கொள்வது சுமார் 8 சதவீதம்தான். 29இல் 8 சதவீதம் 2.3 மில்லிகிராம், அதுதான் உண்மையில் உடலுக்குள் போக வேண்டியது. நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு 7.1இல் 8 சதவீதம், அதாவது 0.6கூட முழுசாக இல்லை. அதிலும் டீயின் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டோடு குடித்தால் கிடைப்பது பாதிக்கும் கீழே போகலாம்.

சரி, சாப்பாட்டை மாற்றுவோம். அரிசியில் 60 கிராமை எடுத்துவிட்டு 60 கிராம் கம்பு வைத்தால் 3.5 கூடும். 30 கிராம் கொள்ளை ஊறவைத்துத் துவையலாகவோ சுண்டலாகவோ சேர்த்தால் 2.6. முருங்கைக்கீரை 50 கிராம் பொரியலாக வைத்தால் 2.3. மாலை பிஸ்கட்டுக்குப் பதில் 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தால் 2.0. மொத்தம் ஏறக்குறைய 17.5 ஆகிறது. இரண்டரை மடங்கு. நல்ல திட்டம்தான்; ஆனாலும் உடலுக்குள் போவது 1.4 மில்லிகிராம். சாப்பாட்டோடு கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை என்று வைட்டமின் சி சேர்த்தால் இன்னும் ஏறும்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். இவரிடம் எவ்வளவு இரும்பு பற்றாக்குறை? மருத்துவமனையில் பயன்படுத்தும் கான்சோனி கணக்குப்படி எடை × (15 − ஹீமோகுளோபின்) × 2.4 + 500. நம் எண்களைப் போட்டால் 48 × 6.1 × 2.4 = 703, அதோடு சேமிப்புக்கு 500, ஆக சுமார் 1,200 மில்லிகிராம். ஒரு நாளைக்கு உள்ளே போகும் 1.4 மில்லிகிராம் அன்றாட இழப்பையும் மாதவிடாயையும் ஈடுகட்டவே தடுமாறும். பழைய கடனை அடைக்க அதில் ஒன்றும் மிஞ்சாது.

இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டவர்கள் ஹீமோகுளோபின் 8.9 உள்ளவரிடம் "மாத்திரை வேண்டாம், சாப்பாட்டிலேயே சரிபண்ணிடலாம்" என்று சொல்ல மாட்டார்கள். மாத்திரை கடனை அடைக்கும். சாப்பாடு மறுபடி கடன் விழாமல் பார்த்துக்கொள்ளும். நம் வேலை இரண்டாவது. அது சிறிய வேலை இல்லை.

நிறத்தைப் பார்த்து உணவைப் பரிந்துரைப்பதையும் இங்கேயே விட்டுவிடுவோம். பீட்ரூட், மாதுளை இரண்டிலும் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம்கூட இரும்பு இல்லை. அவற்றின் சிவப்பு வேறு நிறமிகளால் வருவது. கேழ்வரகில் சுமார் 4.6 இருக்கிறது, நல்லதுதான், ஆனால் கம்பில் 6.4, கொள்ளில் 8.8. கேழ்வரகின் தனிப்பெருமை கால்சியம்.

## அறிகுறி 2: "மாத்திரை சாப்பிடுறேன், ஆனா ஏறவே மாட்டேங்குது"

மாத்திரை வேலை செய்தால் ஹீமோகுளோபின் ஒரு மாதத்தில் 1 முதல் 2 கிராம் வரை ஏற வேண்டும். அதற்கு முன்பே, 7 முதல் 10 நாளில், இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை கூடியிருக்கும். ஒரு மாதம் கழித்தும் எண் நகரவில்லை என்றால் இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில், மாத்திரை உண்மையில் வயிற்றுக்குப் போகிறதா. "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அதற்குப் பதிலாக "மலம் கருப்பா போகுதா?" என்று கேளுங்கள். இரும்பு மாத்திரை எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் கருத்துத்தான் போகும். இல்லை என்று சொன்னால் மாத்திரை பெட்டியிலேயே இருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். கோபப்படாமல் காரணத்தைக் கேளுங்கள்: குமட்டல், வயிற்றெரிச்சல், மலச்சிக்கல். இரவு படுக்கும் முன் எடுப்பது, அல்லது மருத்துவரிடம் கேட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது இவர்களுக்கு உதவும். ஒருநாள் விட்டு எடுப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது சுமார் ஒரு நாள் வரை குடலின் வாசலை ஓரளவு மூடி வைக்கிறது. மறுநாள் போடும் மாத்திரையிலிருந்து கிடைப்பது அதனால் குறைகிறது.

அடுத்து, எதோடு எடுக்கிறார் என்பது. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு எடுத்தால் பயன் போய்விடும். கர்ப்பிணிகளிடம் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு இரும்பும் கால்சியமும் சேர்த்தே கொடுக்கப்படுகின்றன. மறக்காமல் இருக்க இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிடுவார்கள். இரும்பை ஒரு வேளைக்கும் கால்சியத்தை வேறு வேளைக்கும் பிரித்து, எந்தச் சாப்பாட்டுக்கு எது என்று தாளில் எழுதிக் கொடுங்கள்.

மாத்திரையின் உண்மையான இரும்பு அளவையும் பாருங்கள். அட்டையில் 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட் என்று போட்டிருந்தால் அதில் இரும்பு சுமார் 65தான். 300 மில்லிகிராம் ஃபெரஸ் குளுக்கோனேட்டில் 35. அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்குக் கிடைக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அட்டையின் பெரிய எண்ணைப் பார்த்து ஒன்றை விட ஒன்று "பவர் அதிகம்" என்று நினைப்பது தவறு.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் ரத்தம் எங்கேயோ கசிகிறது. 1 மில்லி ரத்தத்தோடு சுமார் அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. அதிக மாதவிடாய், மூலம், குடற்புண், கொக்கிப்புழு. வெறுங்காலோடு வயலில் நிற்பவர்களிடம் கடைசியாகச் சொன்னதைக் கேட்காமல் விடாதீர்கள். 50 வயது தாண்டிய ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ புதிதாக இரும்புக் குறைவு வந்தால் உணவுத் திட்டம் எழுதுவதோடு நிறுத்தவே கூடாது. குடலில் கசிவு இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். புற்றுநோயின் முதல் தடயமாகவும் அது இருக்கலாம்.

## அறிகுறி 3: உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல, நடை தடுமாற்றம், மறதி

வெளிறலோடு இதுவும் சேர்ந்தால் பி12ஐ நினையுங்கள். வெளிறலே இல்லாமல் இது மட்டும் இருந்தாலும் நினையுங்கள். ரத்தம் கெடுவதற்கு முன்பே நரம்பு கெடலாம். அது இந்தச் சத்தின் கெட்ட குணம். நாக்கு சிவந்து வழுவழுப்பாகி, காரம் பட்டால் எரியும். எம்.சி.வி. பெரும்பாலும் 100ஐத் தாண்டியிருக்கும்.

பி12 உணவிலிருந்து உடலுக்குள் போகும் பாதை நீளமானது. வயிற்று அமிலம் அதை உணவிலிருந்து பிரிக்க வேண்டும், வயிற்றுச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், சிறுகுடலின் கடைசிப் பகுதி அதை உள்ளே எடுக்க வேண்டும். வழியில் எந்த இடம் பழுதானாலும் குறைவு வரும். ஆகவே இங்கே கேள்விகள் சாப்பாட்டோடு நிற்பதில்லை.

நம் ஊரில் அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். 50 வயதை நெருங்கும் ஒருவர், முட்டைகூடச் சேர்க்காத சைவம், 8 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். காபியில் ஊற்றும் பாலும் மோரும் தவிரப் பால் சேர்ப்பதில்லை. நெஞ்செரிச்சலுக்கு ஓமிப்ரசோலும் தினமும் போடுகிறார். கால் மதமதப்பு என்று சொன்னால் வீட்டில் எல்லோரும் "சர்க்கரைதான்" என்று முடித்துவிடுகிறார்கள். சர்க்கரையாகவும் இருக்கலாம். ஆனால் இவரிடம் வரவு குறைவு, அமிலம் குறைவு, மெட்ஃபார்மினால் குடல் எடுப்பதும் குறைவு. பி12 பார்க்காமல் சர்க்கரை மேல் பழி போட்டால், சரியாகக் கூடிய ஒன்றை நிரந்தரமாக விட்டுவிடுகிறோம்.

உணவைப் பொறுத்தவரை, சைவத்தில் வழி பாலும் தயிரும்தான். அரை லிட்டர் பாலில் ஏறக்குறைய 2 மைக்ரோகிராம் கிடைக்கும், ஒரு பெரியவரின் அன்றாடத் தேவைக்கு அது பக்கத்தில் வரும். கீரை, பயறு, காய், பழம் எதிலும் இல்லை. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் மனித உடல் பயன்படுத்த முடியாத வடிவம். ஏற்கெனவே நரம்பு அறிகுறி வந்துவிட்டவருக்குப் பாலைக் கூட்டிப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. ஊசியோ அதிக அளவு மாத்திரையோ அன்றே தேவைப்படலாம், அதனால் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இந்தக் குறிப்பிலேயே மிகவும் ஆபத்தான தவறும் இங்கேதான் நடக்கிறது. அணு பெரிதாக இருக்கிறது என்று பார்த்து, பி12 பரிசோதிக்காமல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் கொடுத்துவிடுவது. ரத்தம் சரியாகிவிடும், ஹீமோகுளோபின் ஏறும், முகம் தெளியும். பி12 இல்லாமலேயே அணு பிரிவதற்கான ஃபோலேட்டை நாம் வெளியிலிருந்து கொட்டிவிட்டோம் அல்லவா? ஆனால் நரம்புக்கு வேண்டிய வேலையை ஃபோலிக் அமிலம் செய்ய முடியாது. எச்சரிக்கை மணியை நிறுத்திவிட்டு நெருப்பை விட்டுவிட்டோம். சில மாதத்தில் அவர் தள்ளாடியபடி வருவார், அப்போது முழுசாகச் சரியாகாமலும் போகலாம். அணு பெரிதாக இருந்தால் பி12 முதலில், ஃபோலிக் அமிலம் பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

## அறிகுறி 4: அணு பெரிது, ஆனால் நரம்பில் ஒன்றும் இல்லை

பி12 இயல்பாக இருந்தால் ஃபோலேட்டைப் பாருங்கள். 1931இல் லூசி வில்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பம்பாயில் பார்த்தது இதைத்தான். கர்ப்பிணிகளிடம் கண்ட பெரிய அணு இரத்தசோகைக்கு அவர் ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தார், அவர்கள் தேறினார்கள். அதில் இருந்த பொருளைப் பின்னால் கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோது, இலை என்பதற்கான லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

பெயரிலேயே இலை இருக்கிறது. பிறகு கீரை சாப்பிடும் வீட்டில் எப்படிக் குறையும்? பெரும்பாலும் அடுப்பில். ஃபோலேட் நீரில் கரையும், வெப்பத்தில் சிதையும். கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றி, கடைந்து, மறுபடி சூடு பண்ணினால் பாதிக்கு மேல் போய்விடும். நறுக்குவதற்கு முன் கழுவுவது, ஒட்டிய நீரிலேயே மூடி வேகவைப்பது, சமைத்த வேளையிலேயே சாப்பிடுவது ஆகிய மூன்றும் போதும். பயறும் கொண்டைக்கடலையும் தினமும் கொஞ்சம் இருந்தால் கீரை கிடைக்காத நாளும் சமாளித்துவிடலாம்.

குடிப்பழக்கத்தை நேராகக் கேளுங்கள். அது ஃபோலேட்டையும் குறைக்கும், ஃபோலேட் குறையாமலேயே அணுவைப் பெரிதாக்கவும் செய்யும். தைராய்டு குறைவும் அப்படிச் செய்யலாம். வலிப்பு மாத்திரை எடுக்கும் பெண் கர்ப்பம் திட்டமிடுகிறார் என்றால் ஃபோலிக் அமிலத்தின் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் குழந்தையின் தண்டுவடம் மூடுவது கருவுற்ற முதல் நான்கு வாரத்திலேயே நடந்துவிடுகிறது.

## அறிகுறி 5: ஹீமோகுளோபின் குறைவு, எம்.சி.வி. மட்டும் 86

இது குழப்பும். இரும்பும் பி12உம் சேர்ந்து குறைந்தால் ஒரு பக்கம் சின்ன அணு, இன்னொரு பக்கம் பெரிய அணு, சராசரி மட்டும் அழகாக நடுவில் நிற்கும். தாளில் ஆர்.டி.டபிள்யூ. என்ற எண்ணைப் பாருங்கள், அணுக்களின் அளவு எவ்வளவு சிதறியிருக்கிறது என்பது அதில் தெரியும். 15க்கு மேல் போயிருந்தால் இரண்டு குறைபாடுகள் ஒன்றை ஒன்று மறைக்கின்றனவா என்று கேட்க வேண்டும். நெடுநாள் சைவ உணவில் இருக்கும், மாதவிடாய் அதிகமுள்ள பெண்களிடம் இது வரும். இவர்களுக்கு இரும்பை மட்டும் கொடுத்தால் கொஞ்சம் ஏறி நின்றுவிடும், அடுத்த தாளில் எம்.சி.வி. மேலே நகர ஆரம்பிக்கும்.

எண்கள் இயல்பாக, ஆர்.டி.டபிள்யூ.வும் இயல்பாக, ஹீமோகுளோபின் மட்டும் குறைவு என்றால் சிறுநீரகம், நெடுநாள் நோய் என்று வேறு பக்கம் போக வேண்டும். அங்கே உணவியலாளர் முன்னால் நிற்க வேண்டியதில்லை.

## வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கும்போது

வாய்ப்புண் என்று வருபவர்களிடம் இந்த மூன்றோடு இன்னும் இரண்டு சத்துகள் கலந்துவிடும்.

| வாயில் தெரிவது | சேர்ந்து பார்க்க வேண்டியது | சந்தேகம் |
|---|---|---|
| கடைவாய் வெடிப்பு | வெளிறல், நகம் குழிதல் | இரும்பு |
| கடைவாய் வெடிப்பு, நாக்கு கருஞ்சிவப்பு | மூக்கோரம் எண்ணெய்ப் பிசுபிசுப்பான செதில் | ரைபோஃப்ளேவின் |
| வழுவழுப்பான சிவந்த நாக்கு | மதமதப்பு, மறதி | பி12 |
| வழுவழுப்பான சிவந்த நாக்கு | கர்ப்பம், குடி. நரம்பு சரி | ஃபோலேட் |
| எரியும் சிவந்த நாக்கு | வெயில் படும் தோலில் கருத்த தடிப்பு, வயிற்றுப்போக்கு | நியாசின் |

வாயோரத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பொருந்தாத பல்செட்டும் பூஞ்சைத் தொற்றும்கூட கடைவாயை வெடிக்க வைக்கும். நடுக் கட்டம்தான் வித்தியாசம் காட்டுவது.

## மறுபடி வரச் சொல்லும்போது

இரும்புக்கு 4 வாரம் கழித்து ஹீமோகுளோபினைப் பாருங்கள். எண் இயல்புக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், சில மாதத்தில் மறுபடி இறங்குகிறது. காரணம், ஹீமோகுளோபின் நிறைந்த பிறகுதான் சேமிப்பு நிறையத் தொடங்கும். அதற்கு இன்னும் சுமார் 3 மாதம் மாத்திரை தொடர வேண்டும். நம் தையல்காரப் பெண்ணின் கணக்கில் கடைசியில் கூட்டிய அந்த 500 மில்லிகிராம் இதற்குத்தான். அவருடைய உணவுத் தாளில் மூன்று வரி எழுதினால் போதும்: டீ சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி. மதியம் கம்பும் கொள்ளும், கூடவே ஒரு நெல்லிக்காய். மாத்திரை இரவு, தண்ணீரோடு மட்டும்.